எண்ணத் தெரியாத ரைபோசோம் சரியாக 141-இல் நிறுத்துவது எப்படி தெரியுமா?

நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா சங்கிலி என்று ஒன்று உண்டு. அதில் இருப்பவை 141 அமினோ அமிலங்கள். 140 கிடையாது, 142 கிடையாது! ஆனால் அதைக் கோக்கும் ரைபோசோமுக்கு எண்ணவே தெரியாது என்பது தெரியுமா? முன்னால் ஓடும் தூது ஆர்.என்.ஏ. இழையில் மூன்று எழுத்துகளைப் படிக்கும், ஒரு அமினோ அமிலத்தைச் சேர்க்கும், அடுத்த மூன்றுக்கு நகரும். மனித செல்லில் விநாடிக்குச் சுமார் 5 அமினோ அமிலங்கள் சேர்கின்றன. பாக்டீரியாவிலோ 15 முதல் 20 வரை! போதாததற்கு, ஒரே ஹீமோகுளோபின் இழையில் ஐந்து ரைபோசோம்கள் வரிசையாக ஊர்வதை 1962-இல் அலெக்சாண்டர் ரிச் குழுவினர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தே விட்டார்கள்.

ரைபோசோமுக்குள் மூன்று இடங்கள் இருக்கின்றன. அமினோ அமிலத்தைச் சுமந்து புது டி.ஆர்.என்.ஏ. வந்து இறங்குவது ஏ தளம். வளரும் சங்கிலியைத் தாங்கியபடி ஒரு டி.ஆர்.என்.ஏ. நிற்பது பி தளம். சுமை இறக்கிய டி.ஆர்.என்.ஏ. வெளியேறும் வழி ஈ தளம். இந்த மூன்றாவது வெகுநாள் யார் கண்ணிலும் படவில்லை. இரண்டு தளங்களோடு பாடப்புத்தகங்கள் திருப்தியாக இருந்தன. 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் க்னுட் நீர்ஹாஸ் குழுவினர்தான் மூன்றாவது உண்டு என்று நிறுவினார்கள்.

ஆல்ஃபா சங்கிலியின் தொடக்கம் வாலின், லியூசின், செரின், புரோலின் என்று போகும். (அதற்கும் முன்னால் ஒரு மெத்தியோனின் ஏறும். பிறகு அது வெட்டி எறியப்படும், 141 கணக்கில் அதற்கு இடமில்லை.) வாலின் வரை கோத்தாயிற்று, பி தளத்தில் வாலினின் டி.ஆர்.என்.ஏ. நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ தளம் காலி. அங்கே திறந்து கிடக்கும் எழுத்துகள் சி-யூ-ஜி, அதாவது லியூசின் வர வேண்டும். ஆனால் செல்லுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட வகை டி.ஆர்.என்.ஏ.க்கள் மிதக்கின்றன. எல்லாமே முட்டிப் பார்க்கும்! அவற்றைச் சுமந்து வருவது ஒரு நீட்சிக் காரணிப் புரதம், அதன் கையில் ஜி.டி.பி. என்ற எரிபொருள் மூலக்கூறு. வந்தவரின் மூன்று எழுத்துகள் இழையின் மூன்றோடு பொருந்தினால், ரைபோசோமின் சிறு பகுதியில் உள்ள இரண்டு அடினின்கள் உள்ளிருந்து வெளியே புரண்டு, அந்த இணையின் வடிவத்தைத் தொட்டுச் சோதிக்கின்றன. வடிவம் சரியென்றால்தான் ஜி.டி.பி. உடையும், சுமந்து வந்த புரதம் விலகும். அதன் பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. டி.ஆர்.என்.ஏ. முழுதாக உள்ளே திரும்பி அமர வேண்டும். முதல் சோதனையில் தப்பி வந்த பொருந்தாதது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் நழுவி ஓடிவிடும். இரண்டு சோதனைகளையும் தாண்டி உள்ளே புகும் பிழை சில ஆயிரத்தில் ஒன்றுதான். அந்த அடினின்கள் புரளும் காட்சியைப் படிகங்களில் பிடித்தவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்! 2009 வேதியியல் நோபலைத் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடு பகிர்ந்துகொண்டவர்.

இவ்வளவு கெடுபிடி காட்டும் ரைபோசோம், உள்ளே வருவது எந்த அமினோ அமிலம் என்று கவனிப்பதில்லை தெரியுமா? எழுத்து பொருந்தினால் போதும்! 1962-இல் ஒரு குறும்புச் சோதனை நடந்தது. சிஸ்டீனைச் சுமந்த டி.ஆர்.என்.ஏ.வை எடுத்து, நிக்கல் வினையூக்கியால் சிஸ்டீனின் கந்தகத்தைப் பிடுங்கினார்கள். சுமை அலனினாக மாறியது, சுமப்பவரோ பழையவரே. அடுத்த ஆண்டு அதையே முயல் ஹீமோகுளோபின் தயாராகும் கலவையில் விட்டார்கள். சிஸ்டீன் இருக்க வேண்டிய இடத்தில் அலனின் போய் உட்கார்ந்தது, ரைபோசோம் முணுமுணுக்கக்கூட இல்லை! சரியான டி.ஆர்.என்.ஏ.வில் சரியான அமினோ அமிலத்தை ஏற்றுவது வேறு நொதிகளின் பொறுப்பு. அவை தவறினால் இங்கே திருத்த ஆளில்லை.

லியூசின் ஏ தளத்தில் அமர்ந்துவிட்டது. புதியவர் போய்ப் பழைய சங்கிலியின் நுனியில் ஒட்டிக்கொள்வார் என்றுதானே நினைப்போம்? நடப்பது தலைகீழ்! லியூசினின் அமினோ முனை, பக்கத்தில் பி தளத்தில் வாலினை டி.ஆர்.என்.ஏ.வோடு கட்டியிருக்கும் பிணைப்பைத் தாக்குகிறது. அது அறுபட, சங்கிலி முழுவதும் தாவி லியூசின்மேல் ஏறிக்கொள்கிறது. அதுதான் பெப்டைடு பிணைப்பு. சங்கிலி நூறு அமினோ அமில நீளம் ஆன பிறகும் இதே கதைதான், முழுச் சங்கிலியும் ஒவ்வொரு முறையும் புதியவர் கைக்கு மாறும். இந்தப் பிணைப்புக்கென்று ஜி.டி.பி. செலவே கிடையாது. டி.ஆர்.என்.ஏ.வில் அமினோ அமிலத்தை ஏற்றும்போதே ஏ.டி.பி. உடைந்து கொடுத்த ஆற்றல் அங்கே காத்திருக்கிறது.

இதைச் செய்யும் நொதி எது? பல ஆண்டுகள் ஏதோ ஒரு புரதம் என்றே தேடினார்கள். சாக்கடலில் வாழும் ஒரு நுண்ணுயிரின் ரைபோசோம் படிகத்தை ஸ்டைட்ஸ், பீட்டர் மூர் குழுவினர் 2000-இல் ஆராய்ந்தபோது, பிணைப்பு நடக்கும் இடத்தைச் சுற்றி 1.8 நானோமீட்டருக்குப் புரதமே இல்லை. இருந்ததெல்லாம் ஆர்.என்.ஏ.! உலகத்துப் புரதங்களைக் கோக்கும் வேலையைப் புரதம் செய்யவில்லை.

அடுத்தது நகர்வு. இன்னொரு ஜி.டி.பி. உடைய, ஒரு நீட்சிக் காரணி எல்லாவற்றையும் மிகச் சரியாக மூன்றெழுத்து தள்ளுகிறது. காலி டி.ஆர்.என்.ஏ. ஈ தளத்துக்கு, சங்கிலி பி தளத்துக்கு, ஏ தளம் செரினுக்காகக் காலி. தொண்டை அடைப்பான் நோயின் நச்சு முடக்குவது இந்தத் தள்ளும் காரணியைத்தான். அது நின்றால் செல்லில் புரதத் தயாரிப்பே நிற்கும்.

இப்படியே போய்க் கடைசி மூன்று வருகின்றன: லைசின், டைரோசின், அர்ஜினின். 141 ஆயிற்று! அடுத்து ஏ தளத்தில் யூ-ஏ-ஏ. இதற்குப் பொருந்தும் டி.ஆர்.என்.ஏ. கிடையாது. பதிலுக்கு உள்ளே வருவது ஒரு புரதம், விடுவிப்புக் காரணி. டி.ஆர்.என்.ஏ. போலவே வேடமிட்டு வருகிறது! ஒரு முனை அந்த மூன்றெழுத்தைப் படிக்கும். மறுமுனையில் கிளைசின், கிளைசின், குளுட்டமின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் பிணைப்பு நடக்கும் இடத்துக்குள் நுழையும். அங்கே தாக்க இம்முறை அமினோ முனை இல்லை, ஒரு தண்ணீர் மூலக்கூறு! அது பி தளப் பிணைப்பை உடைக்க, சங்கிலி விடுபடுகிறது. நிறுத்தக் குறிகள் மூன்று. பாக்டீரியாவில் அவற்றை இரண்டு காரணிகள் பங்கிட்டுக்கொள்கின்றன, நமக்கோ மூன்றுக்கும் ஒன்றே.

அந்தக் குறியில் ஒரே ஒரு எழுத்து பிசகினால்? யூ-ஏ-ஏ, சி-ஏ-ஏ ஆகிவிட்டால்? அது குளுட்டமினுக்கான எழுத்து! விடுவிப்புக் காரணிக்கு அழைப்பே இல்லை, குளுட்டமின் ஏறுகிறது. ரைபோசோம் பாட்டுக்கு அடுத்த நிறுத்தக் குறி வரை ஓடுகிறது. சங்கிலி 172 ஆகிறது, 31 அதிகம்! ஜமைக்காவின் கான்ஸ்டன்ட் ஸ்பிரிங் பகுதியில் வாழ்ந்த ஒரு சீனக் குடும்பத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, 1971-இல் வெளியான இதற்கு ஹீமோகுளோபின் கான்ஸ்டன்ட் ஸ்பிரிங் என்றே பெயர்.

தொல்லை வால் நீண்டதில் மட்டும் இல்லை. நிறுத்தக் குறியைத் தாண்டிய இழைப் பகுதியில் தூது ஆர்.என்.ஏ.வைச் சிதையாமல் காக்கும் புரதங்கள் ஒட்டியிருக்கும். தாண்டி ஓடும் ரைபோசோம் அவற்றைத் தட்டிவிடுகிறது. இழை சீக்கிரம் அழிகிறது, ஆல்ஃபா சங்கிலி குறைகிறது, விளைவு தலசீமியா. நீண்ட வால் கொண்ட ஹீமோகுளோபின் ரத்தத்தில் சுமார் ஒரு சதவீதமே தேறும். மின்புலத்தில் ஓடவிட்டால் மெதுவாக நகரும் மங்கிய கோடாகத் தெரியும், சில வேளை தெரியாமலும் போகும். தாய்லாந்து, லாவோஸ் போன்ற தென்கிழக்காசிய நாடுகளில் இந்த மரபணு பரவலாக உண்டு. ஐயம் எழுந்தால் அங்கே அந்த ஒற்றை எழுத்தை டி.என்.ஏ. சோதனையில் நேரடியாகவே பார்த்துவிடுகிறார்கள்.