எது மேல், எது கீழ்?

மாருதி சுஸுகியின் பலேனோ கார் சிக்மா, டெல்டா, ஜீட்டா, ஆல்பா என்று நான்கு ரகங்களில் விற்பனையாகிறது. விலைப்பட்டியலைப் பார்க்காமல் இவற்றில் எது உயர்ந்தது என்று சொல்ல முடியுமா? கிரேக்க எழுத்து வரிசையில் முதலில் வரும் ஆல்பாதான் இங்கே உச்சி. சிக்மா அடிமட்டம். அப்படியானால் வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் அதுவும் சரிவராது. தலைகீழ்க் கணக்கில் டெல்டா ஜீட்டாவுக்கு மேலே வந்திருக்க வேண்டும்.

இதே நிறுவனத்தின் ஸ்விஃப்டுக்கு எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ என்று பெயர். சொல்வதற்குக் கரடுமுரடுதான். ஆனால் எல், வி, இசட் என்று ஆங்கில எழுத்து வரிசைப்படியே விலையும் ஏறுகிறது. அதற்கும் மேலே உள்ள ரகம் இசட்எக்ஸ்ஐ பிளஸ். யாரும் விளக்க வேண்டியதில்லை. இசட்எக்ஸ்ஐயில் இருப்பதோடு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது என்று புரிந்துவிடுகிறது.

2023இல் டாடா நெக்ஸான் கார் ரகங்களுக்கு ஸ்மார்ட், ப்யூர், கிரியேட்டிவ், ஃபியர்லெஸ் என்று பெயர் வைத்தார்கள். கேட்க அழகான பெயர்கள். ஆனால் நான்கும் தனித்தனிக் குணங்கள். ஸ்மார்ட்டை விட ப்யூர் ஒரு படி உயர்ந்தது என்பதை அந்தச் சொற்களிலிருந்து யாராலும் ஊகிக்க முடியாது. ஷோரூமுக்கு வருபவர் விற்பனையாளரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிளஸ், ப்ரோ போன்ற தெளிவான சொற்களும் சில சமயம் குழப்பும். 2022இல் வந்த ஐபோன் 14 வரிசையில் 14, 14 பிளஸ், 14 ப்ரோ, 14 ப்ரோ மேக்ஸ் என்று நான்கு போன்கள் இருந்தன. பிளஸ் என்பது திரை பெரிது என்பதைக் குறித்தது. ப்ரோ என்பது கேமராவும் சிப்பும் உயர்ந்தவை என்பதைக் குறித்தது. 6.7 அங்குலத் திரை கொண்ட பிளஸ், 6.1 அங்குலத் திரை கொண்ட ப்ரோவுக்குக் கீழே நின்றது. அளவுக்கு ஒரு சொல், தரத்துக்கு ஒரு சொல் என்று இரண்டு ஏணிகளை ஒரே வரிசையில் சாய்த்ததால் வந்த சிக்கல் இது.

பெயர் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கச் செலவே இல்லாத வழி உண்டு. கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை சில்வர், பிளாட்டினம், எலைட் என்று மூன்று விலையில் விற்க நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பெயர்களையும் விலை போடாமல் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்து, அந்த மென்பொருளைப் பற்றித் தெரியாத ஐந்தாறு பேரிடம் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். சில்வரை எல்லோரும் கீழே வைப்பார்கள். பிளாட்டினமா எலைட்டா என்ற இடத்தில் கை தயங்கினால், அங்கேதான் வாடிக்கையாளரும் தயங்குவார். எலைட்டை எடுத்துவிட்டு சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மாற்றி, வேறு சிலரிடம் கொடுத்துப் பாருங்கள். பேக்கிங் அச்சுக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.