ஆழ்துளைக் கிணற்று நீரும் ஷாம்பூக் கட்டியும்

கும்மிடிப்பூண்டி, மீஞ்சூர் பகுதிகளிலிருந்து நம் மருத்துவமனைக்கு வரும் குடும்பத்தினர் ஒரு கேள்வியை அடிக்கடி கேட்கின்றனர். திரவ ஷாம்பூவை விட்டுக் கட்டி ஷாம்பூவுக்கு மாறிய பின் நோயாளியின் தலையில் வெண்மையான மாவு போல ஏதோ படிகிறது, அது பொடுகா? பல நேரங்களில் அது பொடுகு அன்று. வீட்டு நீரும் கட்டியும் சேர்ந்து உண்டாக்கிய படிவு ஆகும்.

கடையில் ‘ஷாம்பூக் கட்டி’ என்ற ஒரே பெயரில் இரு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்த உண்மையான சோப்பு. அதன் உறையில் சோடியம் பாமேட், சோடியம் கோகோவேட் போன்ற பெயர்கள் முதலில் இருக்கும். மற்றொன்று, சோப்பு அல்லாத நுரைப்பொருளை இறுக்கிச் செய்த கட்டி. அதில் பெரும்பாலும் சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்ற பெயர் முன்னே நிற்கும். இரண்டையும் கலந்து செய்த கட்டிகளும் உண்டு. ‘இயற்கையானது’, ‘கையால் செய்தது’ என்னும் சொற்கள் இவ்வேறுபாட்டைக் காட்டமாட்டா. உறையின் பின்புறத்துச் சிற்றெழுத்தே அதைக் காட்டும்.

திரவ ஷாம்பூவில் பெரும்பங்கு நீர்தான். அதன் நுரைப்பொருள் பொதுவாகச் சோடியம் லாரெத் சல்பேட். சோப்பைப் போலக் கடின நீரில் அது திரிவதில்லை. நீர் மிகுதியாக இருப்பதால் அது கெடாமல் காக்கும் வேதிப்பொருள்களும் தேவைப்படுகின்றன. அவற்றுள் மெத்தில் ஐசோதயசோலினோன் சிலருக்கு ஒவ்வாமை தரும். நீரற்ற கட்டிக்கு அத்தகைய பாதுகாப்பு குறைவாகவே தேவைப்படுகிறது. அவர்களுக்கு இது ஒரு நன்மை.

இனி நீரைப் பார்ப்போம். நாம் ‘உப்புத் தண்ணீர்’ என்று சொல்வதில் இரு குணங்கள் கலந்துள்ளன. நாவில் கரிப்பது பெரும்பாலும் சோடியம் உப்பு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்ததால் அது மிகுந்துள்ளது. சோப்பைத் திரியச் செய்வதோ கால்சியமும் மக்னீசியமும். அவற்றின் அளவையே நீரின் கடினத்தன்மை என்கிறோம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாதபோது 600 வரை அனுமதி உண்டு.

ஒரு வீட்டுக் கிணற்றில் 400 மில்லிகிராம் இருப்பதாகக் கொள்வோம். அந்நீர் ஒரு லிட்டர், ஏறத்தாழ 2 கிராம் சோப்பைப் பிடித்துக் கரையாத பிசுக்காக மாற்றிவிடும். அதன்பிறகே நுரை நிற்கும். அதனால் நாம் மேலும் தேய்க்கிறோம். அலசும்போது புதுநீர் தலையிலுள்ள சோப்புடன் சேர்ந்து மீண்டும் பிசுக்கைத் தருகிறது. படுக்கையிலேயே இரண்டு குவளை நீரில் தலை கழுவப்படும் நோயாளிக்கு இப்படிவு அகலவே அகலாது. சோப்பின் காரத்தன்மையும் உச்சந்தலையை வறளச் செய்யும். சோப்பு அல்லாத கட்டியில் நுரை சற்றே குறையலாம், பிசுக்கு படியாது.

வாங்கிய கட்டி எவ்வகை என்று ஐயமிருந்தால் வீட்டிலேயே அறியலாம். தெளிவான இரு பாட்டில்களில் அரை டம்ளர் அளவு நீர் ஊற்றுங்கள். ஒன்றில் கிணற்று நீர், மற்றொன்றில் கேன் தண்ணீர். கட்டியிலிருந்து கடலைப்பருப்பளவு சீவி, சிறிது வெந்நீரில் கரைத்து, இரண்டிலும் சமமாக விட்டு, மூடிப் பத்து முறை குலுக்குங்கள். கிணற்று நீர் மட்டும் பால் போலக் கலங்கி, திரிதிரியாகி, நுரை அடங்கினால் அது சோப்பு. இரண்டிலும் நுரை நின்றால் சோப்பு அல்லாத கட்டி. அதே சோதனையைத் திரவ ஷாம்பூவில் சில துளிகள் விட்டும் பாருங்கள். வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

தலையில் படிந்தது எது என்பதற்கும் அடையாளம் உண்டு. சோப்புப் படிவு முடியின்மேல் மெழுகு போல ஒட்டி, சீப்பின் பற்களில் சாம்பல் நிறமாகச் சேரும். பொடுகு தோலிலிருந்து செதிலாக உதிரும்; பெரும்பாலும் அரிப்பும் இருக்கும். படிவாயின், ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து ஒருமுறை அலசினால் அது இளகும். தலையில் தையல், புண், கதிர்வீச்சு அல்லது கீமோதெரபி சிகிச்சையால் எரிச்சல் உள்ளவர்களுக்கு இதைச் செய்யாதீர்கள். அவர்களுக்குக் கொதிக்கவைத்து ஆறித் தெளிந்த நீர் ஓரளவு உதவும். கொதிக்கும்போது கால்சியத்தின் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். அடிப்பகுதியைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வகைக் கட்டியாயினும் நோயாளியின் தலையில் நேரடியாகத் தேய்க்காமல், கையில் நுரைத்துப் பூசுங்கள். அவருக்கென்று தனிக் கட்டி வைத்து, நீர் வடியும் தட்டில் உலரவிடுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த கீட்டோகோனசோல் போன்ற மருந்து ஷாம்பூவை நிறுத்திவிட்டு அதற்கு மாற்றாக எந்தக் கட்டியையும் பயன்படுத்த வேண்டாம்.