கறுப்பு முத்தில் திரும்பு, வெள்ளை முத்தில் நேரே போ

சுடோகுவுக்கு அந்தப் பெயரைச் சூட்டி ஜப்பானில் பரப்பியது நிகோலி என்ற புதிர் நிறுவனம். அதே நிகோலியின் இதழில் பிறந்த இன்னொரு புதிர்தான் மஷு. இதில் எண்ணும் கிடையாது, எழுத்தும் கிடையாது. கட்டங்களுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகச் சில வட்டங்கள் மட்டும் இருக்கும். அவற்றை முத்துகள் என்கிறார்கள். எல்லா முத்துகளையும் தொட்டுக்கொண்டு, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் ஒற்றைக் கோட்டை வரைய வேண்டும். கோடு மேலும் கீழும், இடமும் வலமும் மட்டுமே போகலாம். தன்னைத் தானே வெட்டக் கூடாது, கிளை பிரியவும் கூடாது. முத்தில்லாத கட்டங்களைத் தொடாமல் விட்டுவிடலாம்.

வெள்ளை முத்தில் கோடு திரும்பாமல் நேரே செல்ல வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய கட்டம், அடுத்த கட்டம் இரண்டில் ஒன்றிலாவது திரும்பியாக வேண்டும். கறுப்பு இதற்கு நேர்மாறு. கறுப்பு முத்தின் மேலேயே கோடு திரும்ப வேண்டும். அதன் இரு பக்கத்துக் கட்டங்களிலும் திரும்பாமல் நேரே கடக்க வேண்டும். விதிகள் இவ்வளவுதான்.

இந்தப் புதிர் முதலில் வெள்ளை முத்துகளோடு மட்டுமே வெளிவந்தது. கறுப்பு பின்னால் சேர்ந்தது. அந்தச் சேர்க்கைதான் புதிருக்கு உயிர் கொடுத்தது என்று சொல்லலாம். வெள்ளை முத்து 'இங்கோ அங்கோ திரும்பு' என்று தேர்வைத் திறந்தே வைக்கிறது. கறுப்பு முத்தோ தான் இருக்கும் கட்டத்தோடு, இரு திசையிலும் இரண்டிரண்டு கட்டங்களுக்குக் கோட்டை உறுதிசெய்துவிடுகிறது. ஒன்று பிடி கொடுக்கிறது, மற்றொன்று யோசிக்க வைக்கிறது. இரண்டும் எப்படி ஒன்றையொன்று இறுக்குகின்றன என்பதை ஒரு சிறு புதிரில் பார்க்கலாம்.

```
● · ○ · · ·
· · · · · ·
○ · · ○ · ○
· · · · · ·
· ○ · · ● ·
· · ○ · · ·
```

ஆறுக்கு ஆறு கட்டம். இரண்டு கறுப்பு, ஆறு வெள்ளை. மேலிருந்து வரிசை எண்ணையும் இடமிருந்து கட்டத்தின் எண்ணையும் சேர்த்து 3-4 என்று குறித்தால், அது மூன்றாம் வரிசையின் நான்காம் கட்டம்.

மூலையில் இருக்கும் 1-1 கறுப்பிலிருந்து தொடங்குவது இயல்பு. அதிலிருந்து கோடு வலப்புறமும் கீழ்ப்புறமும் தவிர வேறெங்கும் போக முடியாது. வலப்புறம் 1-2ஐ நேரே கடந்து 1-3க்கு வருகிறது. அங்கே ஒரு வெள்ளை முத்து. அதையும் நேரே கடக்க வேண்டும். முந்தைய கட்டமான 1-2இல் கோடு திரும்பவில்லை. ஆகவே அடுத்த கட்டமான 1-4இல் திரும்பியே ஆக வேண்டும். மேலே இடமில்லாததால் கோடு 2-4க்கு இறங்குகிறது. கீழ்ப்புறமும் இதே கதைதான்: 2-1, 3-1 வெள்ளை, 4-1, அங்கிருந்து வலப்பக்கம் திரும்பி 4-2. தேர்வைத் திறந்தே வைத்திருந்த வெள்ளை முத்து, பக்கத்தில் ஒரு கறுப்பு வந்ததும் கட்டளையிடத் தொடங்கிவிடுகிறது.

அடுத்தது 5-5 கறுப்பு. இது விளிம்பில் இல்லை, விளிம்புக்கு ஒரு கட்டம் உள்ளே இருக்கிறது. ஆனாலும் கறுப்பிலிருந்து கிளம்பும் கோட்டுக்கு இரண்டு கட்டம் தேவை. கீழேயும் வலப்புறத்திலும் இருப்பதோ ஒவ்வொன்றுதான். ஆகவே கோடு மேலே 4-5, 3-5 என்றும், இடப்புறம் 5-4, 5-3 என்றும் செல்கிறது. விளிம்பை ஒட்டிய கறுப்புகளை எல்லாரும் கவனிப்பார்கள்; ஒரு கட்டம் தள்ளி நிற்பவற்றைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள்.

இப்போது வலது ஓரத்தில் உள்ள 3-6 வெள்ளை. ஓரத்து வெள்ளையில் கோடு ஓரத்தோடுதான் போக முடியும், எனவே 2-6, 3-6, 4-6. இந்த 4-6இலிருந்து இடப்பக்கம் திரும்ப வழியில்லை, ஏனெனில் 4-5 வழியாக ஏற்கனவே கோடு செல்கிறது. ஆகவே நேரே 5-6க்கு இறங்குகிறது. கீழ்ப்பக்கம் திரும்பாததால் மேல்பக்கம் 2-6இல் திரும்பி 2-5க்கு வர வேண்டும். 5-6க்கு வந்த கோட்டுக்கும் வேறு போக்கிடமில்லை. 6-6, 6-5, 6-4 என்று அடிவரிசையில் நகர்ந்து 6-3 வெள்ளையை அடைகிறது. 6-4இல் அது திரும்பவில்லை என்பதால், 6-3ஐக் கடந்ததும் 6-2இல் திரும்பி 5-2க்கு ஏற வேண்டும். அதுவும் வெள்ளை, நேரே ஏறினால் 4-2. அங்கே மூலைக் கறுப்பிலிருந்து வந்த கோடு காத்திருக்கிறது. இரண்டும் இணைகின்றன.

இந்தப் புதிரின் சுவையான இடம் இதுதான். இணைந்த அந்த நீண்ட கோட்டின் இரு முனைகள் 2-4இலும் 2-5இலும் அடுத்தடுத்து நிற்கின்றன. சேர்த்துவிடக் கை துறுதுறுக்கும். சேர்த்தால் அழகான மூடிய வளையமும் கிடைத்துவிடும், ஆனால் 5-5 கறுப்பும் 3-4 வெள்ளையும் அதில் சேராமல் அநாதையாக நிற்கும். வளையம் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பதால் அந்த இணைப்புக்கு இடமில்லை. 2-5இலிருந்து மேலே 1-5க்குப் போனாலும் 1-6இல் முட்டி நிற்கும். மிச்சமிருப்பது 3-5 மட்டுமே. அதனால் 3-5க்கும் இரு பக்கமும் அடைபட்டுவிடுகிறது. 3-4 வெள்ளையைக் கிடையாகக் கடக்க வழியில்லை. மேலிருந்து 2-4, 3-4, 4-4 என இறங்கி, இடப்பக்கம் 4-3க்குத் திரும்பி, 5-3ஐத் தொட்டதும் வளையம் முழுமையாகிறது. 28 கட்டங்கள் கோட்டில், 8 கட்டங்கள் காலி. எங்குமே ஊகம் தேவைப்படவில்லை.

பெரிய புதிர்களில் ஓரங்கள் இவ்வளவு உதவா. நடுப்பகுதியில் முத்துகள் ஒன்றுக்கொன்று எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். மூன்று வெள்ளைகள் கிடையாக அடுத்தடுத்து இருந்தால், கோடு அவற்றின் ஊடாகக் கிடையாக ஓட முடியாது. ஓடினால் நடு முத்துக்கு இருபுறமும் திருப்பமே இருக்காது. எனவே மூன்றையும் மேல்கீழாகவே கடக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு கறுப்புகள் இருந்தால் அவை ஒன்றையொன்று தொடவே முடியாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோடு போனால் அங்கே நேரே கடக்க வேண்டும், அந்த முத்தோ திரும்பச் சொல்கிறது. ஆக இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகி ஓடும்.

இப்படிப்பட்ட அமைப்புகளை எவ்வளவு சேர்த்தாலும் எல்லாப் புதிருக்கும் பொருந்தும் விரைவான வழி கிடைத்துவிடாது. அமெரிக்கக் கணிதவியலாளர் எரிக் ஃப்ரீட்மன் 2002இல், கணினி அறிவியல் மிகக் கடினமானவை என்று வகைப்படுத்தும் கணக்குகளின் கூட்டத்தில் மஷுவும் சேரும் என்று நிறுவினார். கட்டம் பெரிதாகும்போதும் தேவைப்படும் நேரம் கட்டுக்கடங்காமல் பெருகாதபடி தீர்க்கும் பொதுமுறை அந்தக் கூட்டத்தில் எதற்குமே இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

தவறு நேர்ந்ததை எப்படி அறிவது? ஒரே ஒரு வாசல் மட்டும் மிஞ்சிய கட்டத்துக்குள் கோடு நுழைந்திருந்தால் உடனே தெரிந்துவிடும். நுட்பமான சோதனை ஒன்றும் உண்டு. இரண்டு வரிசைகளுக்கு நடுவே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓர் எல்லை இருப்பதாக எண்ணிக்கொண்டால், மூடிய வளையம் அதை எத்தனை முறை கடந்து போனதோ அத்தனை முறை திரும்பி வந்தாக வேண்டும். ஆகவே கடக்கும் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படைதான். மேலே தீர்த்த புதிரில் நான்காம், ஐந்தாம் வரிசைகளுக்கு இடையே கோடு நான்கு இடங்களில் கடக்கிறது. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே இரண்டு இடங்களில். பாதி முடித்த புதிரில் ஓர் எல்லையின் எல்லா வழிகளும் முடிவாகி மூன்று கடப்புகள் நிற்கின்றன என்றால், அழிப்பானை எடுத்துக் கடைசியாக உறுதியாகத் தெரிந்த முத்து வரை பின்னோக்கிப் போக வேண்டியதுதான்.