பிரேக்கருக்கு ஒரு நாள் வாடகை எவ்வளவு கேட்கலாம்?

கட்டட வேலைக்குச் சாமான் வாடகைக்கு விடும் கடைகள் இன்று சின்ன ஊர்களிலும் வந்துவிட்டன. சென்ட்ரிங் தகடு, ஜாக்கி, கலவை மெஷின், வைப்ரேட்டர், கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் எல்லாம் அங்கே கிடைக்கும். வாடகையை முடிவு செய்ய இந்தக் கடைக்காரர்கள் பலரும் இரண்டு வழிகளையே கையாளுகிறார்கள். பக்கத்துக் கடையில் என்ன வாங்குகிறார்கள் என்று கேட்டு அதையே வைப்பது ஒரு வழி. வாங்கிய விலையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் நாள் வாடகை வைப்பது மற்றது. இரண்டிலும் கல்லாவில் தினமும் காசு விழும். ஆனால் மெஷின் ஓய்ந்துபோகும் நாளில் புதிது வாங்கக் கையில் பணம் இருக்காது. சரியான வாடகையைக் கண்டுபிடிக்க மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். சாமான் ஆண்டுக்கு எத்தனை நாள் வெளியே போகிறது? எதனால் தேய்கிறது? எத்தனை தடவைக்கு ஒரு தடவை உடைந்து திரும்புகிறது?

ஒரு பிரேக்கரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே வரும் தொகைகள் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. வழிமுறை எல்லாக் கடைக்கும் ஒன்றுதான். தொகைகளை மட்டும் அவரவர் தங்கள் கடையிலிருந்து எடுத்துப் போட வேண்டும்.

பிரேக்கரின் விலை 60,000 ரூபாய். அது வாடகைக்குப் போய் 400 நாள் உழைக்கும், அதன்பின் 12,000 ரூபாய்க்கு விலைபோகும் என்று கொள்வோம். அப்படியானால் 48,000 ரூபாய் அந்த 400 நாளில் கரைகிறது. ஒரு நாள் தேய்மானம் 120 ரூபாய். இதை ஆண்டுக்கு இவ்வளவு என்று கணக்கிடாமல் உழைத்த நாளுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதற்குக் காரணம் உண்டு. பிரேக்கரைத் தேய்ப்பது காலம் அல்ல, வேலை. உள்ளே பிஸ்டன் அடிக்க அடிக்கத்தான் அதன் ஆயுள் குறைகிறது. அலமாரியில் இருக்கும் பிரேக்கர் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும்.

வருமான வரிக் கணக்கில் காட்டும் தேய்மானத்தை இங்கே எடுத்துக்கொள்ளக் கூடாது. பொதுவாக இயந்திரங்களுக்கு அங்கே ஆண்டுக்கு 15 சதவீதம், அதுவும் மீதி மதிப்பின் மேல். அந்தக் கணக்கின்படி மூன்று ஆண்டு கழித்தும் இந்த பிரேக்கரின் மதிப்பு ஏட்டில் 36,800 ரூபாய்க்கு மேல் நிற்கும். சந்தையில் அதை அந்த விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள். வரிக்கு அந்த ஏடு, வாடகைக்கு இந்த ஏடு என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்வதே நல்லது.

அடுத்தது, மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும் செலவு. பிரேக்கரில் சராசரியாக 36,000 ரூபாய் முடங்கிக் கிடக்கிறது. அதற்கு 12 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 4,320 ரூபாய். கடை வாடகை, ஆள் சம்பளம், மின்கட்டணம் எல்லாம் சேர்ந்து மாதம் 30,000 ரூபாய், கடையிலுள்ள மொத்தச் சாமானின் விலை 12 லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ரூபாய்ச் சாமானும் ஆண்டுக்கு 30 பைசா கடைச் செலவைச் சுமக்க வேண்டும். பிரேக்கரின் பங்கு 18,000 ரூபாய். வட்டியோடு சேர்த்து ஆண்டுக்கு 22,320 ரூபாய்.

இந்தத் தொகையை எத்தனை நாளால் வகுக்கிறோம் என்பதில்தான் வாடகையின் பெரும்பகுதி இருக்கிறது. ஆண்டில் 120 நாள் பிரேக்கர் வெளியே போனால் நாளுக்கு 186 ரூபாய். 60 நாள்தான் போகிறது என்றால் 372 ரூபாய். 180 நாள் போனால் 124 ரூபாய் போதும். பக்கத்துக் கடை விலையை அப்படியே எடுப்பதில் உள்ள ஆபத்து இதுதான். அவருடைய பிரேக்கர் 180 நாள் ஓடலாம், உங்களுடையது 60 நாள் ஓடலாம். அவருக்கு லாபம் தரும் விலை உங்களுக்கு நஷ்ட விலை.

ஓடும் நாளை எண்ணும்போது காசு வந்த நாளை மட்டும் எண்ண வேண்டும். வேலை முடிந்தும் கொண்டுவந்து போடாமல் சைட்டில் கிடந்த நாளும், பழுதுபார்க்கப் போன நாளும் அதில் சேராது. அதோடு இன்னொன்றையும் நோட்டில் குறிக்க வேண்டும்: யாராவது கேட்டு வந்து, மெஷின் இல்லை என்று திருப்பி அனுப்பிய நாள். இந்தக் குறிகள் குவிந்தால்தான் இரண்டாவது பிரேக்கர் வாங்கலாமா என்று யோசிக்க வேண்டும். ஒன்று 120 நாள் ஓடிய கடையில் இரண்டு வாங்கி, ஒவ்வொன்றும் 90 நாள் ஓடினால் மொத்த ஓட்டம் கூடும். ஆனால் நாளுக்கு 186 ரூபாயாக இருந்த நிலைச் செலவு 248 ஆகிவிடும்.

இனி சேதம். பிரேக்கர் திரும்பி வரும்போது என்ன கெட்டிருக்கும் என்பது அனுபவப்பட்ட கடைக்காரருக்குத் தெரியும். முதல் எதிரி, சைட்டில் மெல்லிய வயரை நீட்டி ஓட்டுவது. 1,750 வாட் பிரேக்கரை 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 50 மீட்டர் தள்ளி ஓட்டினால், வயரிலேயே 14 வோல்ட் போல இறங்கிவிடும். ஏற்கெனவே மின்சாரம் குறைந்து வரும் இடமாக இருந்தால் மோட்டாரின் வேகம் குறையும், அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றும். வேலை ஆகவில்லையே என்று ஆள் இன்னும் அழுத்துவார். சூடு ஏறி ஆர்மேச்சர் எரியும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரைக் கடையிலிருந்தே கொடுத்தால் இறக்கம் 6 வோல்ட்டுக்குள் நிற்கும். இரண்டாவது, கான்கிரீட்டில் மாட்டிக்கொண்ட உளியைக் கடப்பாரைபோல நெம்புவது. இதில் உளி பிடிக்கும் முன்பகுதி பிளக்கும்.

ஆகவே மெஷின் திரும்பி வந்ததும், கொண்டுவந்தவர் போவதற்குள், ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். கார்பன் பிரஷ் பக்கம் சின்னப் பொறி இருந்தால் பரவாயில்லை. கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையம்போல ஓடினால், அல்லது கருகிய வார்னிஷ் வாசனை வந்தால், ஆர்மேச்சர் போய்விட்டது அல்லது போகப்போகிறது. உளியைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் தாராளமாக ஆடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கார்பன் பிரஷ், கிரீஸ், உளி தீட்டுவது இவையெல்லாம் சாதாரணத் தேய்மானம், கடைக்காரர் செலவு. எரிந்த ஆர்மேச்சரும் பிளந்த உடலும் வாடிக்கையாளர் பொறுப்பு. இந்த எல்லையைக் கொடுக்கும்போதே பில்லில் எழுதிக் கையெழுத்து வாங்கவில்லை என்றால் திரும்பி வரும் நாளில் பேச்சு எடுபடாது.

எழுதி வாங்கினாலும் எல்லாப் பணமும் வராது. அந்த வராத பணம்தான் வாடகையில் ஏற வேண்டும். 120 நாள் என்பது இரண்டிரண்டு நாளாக 60 தடவை என்று கொள்வோம். அதில் 3 தடவை மெஷின் பழுதாகி வருகிறது, ஒவ்வொன்றுக்கும் 4,800 ரூபாய் செலவு, பாதியைத்தான் வசூலிக்க முடிகிறது என்றால் கைவிட்டுப்போவது 7,200 ரூபாய். நாளுக்கு 60 ரூபாய். திருட்டும் உண்டு. 300 தடவைக்கு ஒரு தடவை மெஷின் திரும்பாமலே போகிறது, முன்பணம் கழித்தால் நஷ்டம் 30,000 ரூபாய் என்றால், தடவைக்கு 100, நாளுக்கு 50 ரூபாய். ஆக சேதமும் களவும் சேர்ந்து 110 ரூபாய்.

சாதாரணப் பராமரிப்புக்கு நாளுக்கு 75 ரூபாய் வைத்து எல்லாவற்றையும் கூட்டுவோம். நிலைச் செலவு 186, தேய்மானம் 120, பராமரிப்பு 75, சேதம் 110. மொத்தம் 491 ரூபாய். அதன் மேல் 20 சதவீத லாபம் வைத்தால் 589. முழுத்தொகையாக 600 என்று வைக்கலாம். ஜிஎஸ்டி இருந்தால் அது தனி.

நூற்றுக்கு ஒன்று என்ற பழைய கணக்கும் இதே 600-ஐத்தான் தருகிறது. ஆனால் அந்தக் கணக்கு பொருந்துவது பிரேக்கர் 120 நாள் ஓடுவதால் மட்டும்தான். அதே கணக்கை 1,000 ரூபாய் ஜாக்கிக்குப் போட்டால் நாளுக்கு 10 ரூபாய் வரும்; அந்த விலைக்கு எந்த மேஸ்திரியும் எடுக்கமாட்டார். ஜாக்கி எட்டு ஆண்டு உழைத்து 250 ரூபாய்க்குப் பழைய இரும்பாகப் போகும். அதன் தேய்மானம், வட்டி, கடைச் செலவு, காணாமல் போவதும் வளைவதுமான நஷ்டம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 519 ரூபாய். ஒரு தடவை போனால் வாரக்கணக்கில் வெளியே இருப்பதால் ஆண்டில் 220 நாள் காசு கொண்டுவரும். நாளுக்கு 2 ரூபாய் 36 பைசா அடக்கம். லாபத்தோடும் 3 ரூபாயைத் தாண்டாது.

இந்த இரண்டு சாமானுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, பேரம் நடக்கும்போதுதான் முழுதாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலைகள் குறைந்திருக்கும்போது மேஸ்திரி வருகிறார். "அண்ணே, பத்து நாளைக்கு எடுத்துக்கிறேன், முந்நூறு போட்டுக் குடுங்க" என்கிறார். சும்மா கிடப்பதற்கு வந்தவரை லாபம் என்று தோன்றும். ஆனால் பிரேக்கரின் 491 ரூபாயில் 186 மட்டுமே ஓடாவிட்டாலும் வரும் செலவு. மீதி 305 ரூபாய், அது வெளியே போவதால் மட்டுமே வரும் செலவு. 300 ரூபாய்க்குக் கொடுத்தால் கையிலிருந்து 5 ரூபாய் போட்டு மெஷினைத் தேயக் கொடுப்பதாகும். 450 ரூபாய்க்குக் கொடுத்தால் நிலைச் செலவுக்கு 145 ரூபாயாவது தேறும், மழைக்காலத்தில் அது சரிதான். 305-க்குக் கீழே எந்த மாதத்திலும் இறங்கக் கூடாது.

ஜாக்கியின் கதை நேர் எதிர். வெளியே போனாலும் போகாவிட்டாலும் அதற்குத் துரு ஏறும், வட்டி ஓடும். வெளியே போவதால் கூடுதலாக ஆகும் செலவு நாளுக்கு 25 பைசாவுக்குள்தான். மேஸ்திரி 50 ஜாக்கியை இரண்டு மாதத்துக்கு ஒன்றரை ரூபாய் வீதம் கேட்டால், மழைக்காலத்தில் யோசிக்காமல் கொடுத்துவிடலாம். அதே மேஸ்திரி தை மாதத்தில், கடையில் ஜாக்கியே மிஞ்சாத நேரத்தில், அந்த விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

வாடகைக் கடை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சாமானுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். காசு வந்த நாள், இல்லையென்று திருப்பி அனுப்பிய நாள், பழுதுக்குச் செலவழித்து வசூலாகாத தொகை, இந்த மூன்றையும் ஓர் ஆண்டு எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் இரண்டு விலை குறித்துக்கொள்ளுங்கள்: வழக்கமாகக் கேட்கும் விலை, அதற்குக் கீழே இறங்கக் கூடாத விலை. வேலையால் தேயும் மெஷினை அந்த இரண்டாவது விலைக்குக் கீழே கொடுப்பதைவிட அலமாரியில் பூட்டி வைப்பதே லாபம்.