முதல் தோட்டுக்கு முத்திரை உண்டா?

அக்கா பேத்திக்கு ஏழாம் மாதம் காது குத்த நாள் குறித்தார்கள். தோடு வாங்க வேண்டியவன் தாய்மாமன், அதாவது என் அக்கா மகன். "சித்தி, எனக்கு இதெல்லாம் தெரியாது, நீங்களும் வாங்க" என்று என்னையும் நகைக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

கடையில் இரண்டு ஜோடி பிடித்துப்போயின. ஒன்று சிவப்புக் கல் வைத்த பூத்தோடு. இன்னொன்று கல்லே இல்லாத சிறு குண்டுத்தோடு, ஜோடி ஒன்றரை கிராம். "ஹால்மார்க் இருக்கா?" என்று கேட்டேன். "916 தான் மேடம். ஆனா ரெண்டு கிராமுக்குக் கீழ இருக்கற நகைக்கு முத்திரை கட்டாயமில்லை" என்றார் விற்பனையாளர். அவர் சொன்னது சரிதான். 2021 ஜூனில் தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்டபோது இரண்டு கிராமுக்குக் குறைந்தவற்றுக்கு விலக்கு கொடுத்தார்கள். கால் சவரனே இரண்டு கிராம். குழந்தைத் தோடுகளில் பெரும்பாலானவை அதற்கும் கீழே. ஆக, பச்சைப் புண்ணுக்குள் வாரக்கணக்கில் இருக்கப்போகிற நகைதான் முத்திரை இல்லாமல் விற்கப்படுகிறது.

இதில் பணம் ஏமாறுவது சின்ன விஷயம். தங்கத்தோடு என்ன கலந்திருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம். மீதி வழக்கமாகச் செம்பும் வெள்ளியும். இவற்றால் குழந்தைக்குத் தொல்லை வருவது அபூர்வம். தொல்லை கொடுப்பது நிக்கல். புதுத் துளையின் ஈரத்தில் அது துளித்துளியாகக் கரைந்து இறங்கும். உடம்பு ஒருமுறை அதைப் பகையாக அடையாளம் கண்டுகொண்டால் பிறகு மறப்பதில்லை. பெரியவளான பிறகு வாட்ச் பட்டை, ஜீன்ஸ் பட்டன் பட்ட இடமெல்லாம் அரிக்கும். துளைக்குள் போகும் தண்டிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளிவரக் கூடாது என்று ஐரோப்பாவில் சட்டமே இருக்கிறது.

கவரிங் தோட்டில் பூச்சுக்கு அடியில் நிக்கல் இருக்கலாம். பூச்சு தேய்ந்தால் அது வெளியே வந்துவிடும். வெள்ளைத் தங்கத்தை வெளுப்பாக்கப் பல நேரம் நிக்கல்தான் சேர்க்கிறார்கள். வெள்ளி புண்ணில் பட்டால் கறுக்கும், சமயத்தில் தோலிலும் கறை விடும். 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்ற பெயர் நம்பிக்கை தருகிறது, ஆனால் அதிலும் நிக்கல் உண்டு. இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் கொஞ்சமாகத்தான் வெளிவரும் என்றாலும், வீட்டில் யாருக்காவது உலோக அலர்ஜி இருந்தால் வேண்டாம். உடம்புக்குள் பொருத்தத் தகுந்த தரமான டைட்டானியம் நல்லது. நம் ஊர்களில் எல்லாக் கடையிலும் கிடைக்காது. 24 காரட் மிகவும் மெது, தண்டு வளையும். கடைசியில் பாட்டி சொல்கிற 22 காரட் மஞ்சள் தங்கமே ஜெயிக்கிறது.

முத்திரை இல்லாத ஜோடியை எப்படி நம்புவது? இப்போது பல கடைகளில் காரட் பார்க்கும் கருவி இருக்கிறது. கண் முன்னால் வைத்துப் பார்க்கச் சொன்னோம். தங்கம், செம்பு, வெள்ளி என்று ஒவ்வொன்றின் சதவீதமும் திரையில் வந்தது. நிக்கல் வரியில் பூஜ்யம். அந்தக் கருவி மேற்பரப்பைத்தான் படிக்கும் என்பதால் தண்டையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பில்லில் காரட்டும் எடையும் எழுதி வாங்கினோம். "கே.டி.எம். தானே?" என்று அக்கா போனில் கேட்டாள். அது தரத்தின் பெயர் இல்லை. காட்மியம் கலந்து பற்றவைத்ததைக் குறிக்கும் பழைய சொல். காட்மியம் நஞ்சு, இப்போது அதற்கு அனுமதி கிடையாது.

சிவப்புக் கல் தோட்டை நான் வேண்டாம் என்றேன். கல்லைப் பிடிக்கும் கொக்கிகள் துண்டிலும் போர்வையிலும் மாட்டும். கல்லுக்கு அடியில் சீழும் அழுக்கும் சேரும். குண்டுத்தோட்டில் துடைக்க ஒரே ஒரு வழவழப்பான உருண்டைதான். வளையக் கம்பிக்குள் குழந்தையின் விரலே நுழைந்து இழுத்துவிடும். முதலில் பார்க்க வேண்டியது திருகாணி. குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் மூச்சுக்குழலில் சிக்குகிற அளவுதான் அது. எனவே கழலாமல் இருக்க வேண்டும், அதேசமயம் காது மடலை நசுக்கவும் கூடாது. தண்டின் நுனியில் மட்டும் மரை இருந்து, ஓர் இடத்துக்கு மேல் திருகாணி உள்ளே போகாதபடி அமைந்த தோடு இரண்டையும் தீர்க்கும்.

எங்கள் தோட்டில் அப்படி ஒரு தடை இல்லை. அதை நான் கவனிக்கவில்லை, என் பிழைதான். மூன்றாவது தவணைத் தடுப்பூசி பதினான்காம் வாரத்திலேயே முடிந்திருந்ததால் அந்தக் கவலை இல்லை. காது குத்தியதும் நல்லபடியாக நடந்தது. சாயங்காலம், கழன்றுவிடப் போகிறதே என்று யாரோ திருகாணியைக் கடைசிவரை இறுக்கிவிட்டார்கள். புதுத் துளை இரண்டு மூன்று நாள் வீங்கத்தான் செய்யும். வீங்க இடம் இல்லாததால் மறுநாள் காலையில் குண்டு பாதி மடலுக்குள் அமுங்கியிருந்தது. குழந்தை அந்தப் பக்கம் தலையை வைக்கவே அழுதாள். கையைக் கழுவிவிட்டு, நார்மல் சலைனில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து, திருகாணியை இரண்டு சுற்று தளர்த்தினோம். மாலைக்குள் குண்டு வெளியே தெரிந்தது. முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். தோடு முழுக்க உள்ளே போய்விட்டால் வீட்டில் தள்ளிப் பார்க்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். கடைகளில் கன் வைத்து அடிக்கும் தோட்டின் பின்பூட்டு அழுத்தமாகப் பிடிப்பதால் அதிலும் இந்த ஆபத்து உண்டு.

பராமரிப்பு எளிது. காலையும் மாலையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைனைப் பஞ்சில் நனைத்து, காய்ந்த பொருக்கை ஊறவைத்துத் துடைத்தால் போதும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் புதிதாக வளரும் தோலையும் அரித்துவிடும். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் பூசும் வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. ஆறாத துளையில் எண்ணெய்ப் பிசுக்கு அழுக்கைப் பிடித்து வைக்கும் என்று சொல்லித் தடுக்க ஒரு சண்டையே போட வேண்டியிருந்தது. தோட்டைத் தினமும் சுற்றிவிட வேண்டுமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. என் கட்சி, சுற்றாதே என்பது. காய்ந்த பொருக்கோடு சுற்றினால் உள்தோல் கிழியும்.

சிவப்பு மூன்று நாளுக்குப் பிறகும் கூடிக்கொண்டே போனால், தொட்டால் சூடாக இருந்தால், மஞ்சள் சீழோ காய்ச்சலோ வந்தால் அது கிருமித்தொற்று. தோட்டை நீங்களாகக் கழற்றாதீர்கள். துளை மேலே மூடிக்கொண்டு சீழ் உள்ளே அடைபடும். வலியோ காய்ச்சலோ இல்லாமல், தோடு படும் இடம் மட்டும் செதில்செதிலாக உரிந்து நீர் கசிந்து அரித்தால் உலோகத்தைச் சந்தேகப்படுங்கள். அப்போது தோட்டை மாற்ற வேண்டிவரும், அதையும் டாக்டர் சொல்லிச் செய்யுங்கள்.

முதல் தோட்டை ஆறு வாரமாவது கழற்றக் கூடாது. பிறகு மாற்றலாம், ஆனால் முதல் ஆறு மாதம் துளையை வெறுமையாக விட்டால் தூர்ந்துவிடும். மாமன் சீராக வந்த ஜிமிக்கி எங்கள் வீட்டில் இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அந்த எடையைத் தாங்க மடல் கொஞ்சம் வளரட்டும்.