எக்ஸ்-ரே எடுத்த நாளே கணக்கு

உள்ளூரில் வேலையில் சேர உடல்தகுதிச் சான்று கேட்டால், பெரும்பாலும் பதிவுபெற்ற எம்.பி.பி.எஸ். மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் போதும். அரசு வேலையென்றால் எந்த மருத்துவரிடம் போவது என்று உத்தரவிலேயே இருக்கும். விசாவுக்கு இந்தப் பழக்கம் செல்லாது. பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகும் இந்தியர்கள் காசநோய் இல்லை என்ற சான்று காட்ட வேண்டும். அதைத் தரும் உரிமை, பிரிட்டன் அரசு அங்கீகரித்த கிளினிக்குகளுக்கு மட்டுமே. இருபது வருடமாகப் பார்த்துவரும் குடும்ப டாக்டர் நல்ல மனதோடு எழுதிக் கொடுக்கும் கடிதத்தால் பயனில்லை.

கிளினிக்கில் பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து, பழைய நோய்களை விசாரித்து, நெஞ்சு எக்ஸ்-ரே எடுப்பார்கள். 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பொதுவாக எக்ஸ்-ரே கிடையாது. மருத்துவர் கேள்விகளோடு முடித்துக்கொள்வார். எல்லாம் சரியென்றால் சான்று கிடைக்கும். ஆறு மாதம் செல்லும். அந்த ஆறு மாதம் சான்று கைக்கு வந்த நாளிலிருந்து ஓடுவதில்லை, எக்ஸ்-ரே எடுத்த நாளிலிருந்து ஓடுகிறது. வீட்டில் காசநோயாளியோடு நெருங்கிப் பழகியவர் என்றால் மூன்று மாதம்தான்.

திருச்சி மாணவி ஒருவரை வைத்துப் பார்ப்போம். செப்டம்பர் 21-ல் வகுப்பு. ‘ஒரு வேலை முடிந்ததாக இருக்கட்டும்’ என்று ஜனவரி 12-லேயே எக்ஸ்-ரே எடுத்துவிட்டார். வெளிநாட்டிலிருந்து மாணவர் விசாவுக்கு, வகுப்பு தொடங்க ஆறு மாதம் இருக்கும்போதுதான், அதாவது மார்ச் 21-க்குப் பிறகே விண்ணப்பிக்க முடியும். பல்கலைக்கழகத்தின் சேர்க்கை உறுதி எண் வர ஜூலை கடைசி ஆகிவிட்டது. ஜூலை 30-ல் விண்ணப்பிக்க உட்கார்ந்தால், சான்று ஜூலை 12-லேயே காலாவதி. விண்ணப்பிக்கும் நாளில் சான்று உயிரோடு இருக்க வேண்டும் என்பது விதி. மறுபடி பணம் கட்டி, மறுபடி எக்ஸ்-ரே. மே மாதம் எடுத்திருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது.

அதற்காகக் கடைசி வாரம்வரை தள்ளிப்போடுவதும் ஆபத்து. சின்ன வயதில் காசநோய் வந்து குணமானவரின் நுரையீரலில் தழும்பு தங்கியிருக்கலாம். எக்ஸ்-ரேயில் அது நிழலாகத் தெரிந்தால் சளிப் பரிசோதனை கேட்பார்கள். அடுத்தடுத்து மூன்று நாள் காலையில் சளி மாதிரி கொடுக்க வேண்டும். கிருமி வளர்கிறதா என்று பார்த்து முடிவு சொல்ல எட்டு வாரம்வரை ஆகலாம். அப்படிப்பட்டவர்கள் பழைய எக்ஸ்-ரே படங்களையும் சிகிச்சைச் சீட்டுகளையும் கையோடு கொண்டுபோவது நல்லது. மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

கர்ப்பிணிகள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வயிற்றுக்குக் காப்புக் கவசம் போட்டு எக்ஸ்-ரே எடுப்பதா, சளிப் பரிசோதனையா, பிரசவம்வரை காத்திருப்பதா என்று அவர்களே தேர்ந்தெடுக்கலாம். சளிப் பரிசோதனை என்றால், அந்த எட்டு வாரத்தையும் பயணக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.