வராத மின்னஞ்சல்

மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில் 2017 ஜனவரி 31 இரவு ஒரு விபரீதம் நடந்தது. துணை சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாபேஸ் ஃபோல்டரை ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிகாபைட் போய்விட்டது. தினசரி பேக்கப் இருக்கிறதே என்று தேடினால், அது இருக்க வேண்டிய இடம் காலி.

பேக்கப் எடுக்கும் கருவி பழைய பதிப்பு. டேட்டாபேஸ் புதிய பதிப்பு. இரண்டும் ஒத்துவராமல் அந்த வேலை பாதியிலேயே நின்றுகொண்டிருந்தது. அப்படி நின்றால் மின்னஞ்சல் போகும்படி ஏற்பாடும் இருந்தது. ஆனால் அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் முறைக்கு அந்த அஞ்சல்கள் உட்படவில்லை என்பதால், பெறும் சர்வர் அவற்றை ஏற்கவில்லை. அஞ்சல் வரவில்லை, ஆகவே கோளாறும் இல்லை என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். சுமார் 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு வேலைக்காக எடுத்த நகல் ஒன்று கிடைத்ததால் தளம் பிழைத்தது. இடைப்பட்ட 6 மணி நேரப் பதிவுகள் திரும்பவில்லை.

அழித்தவரைக் குறை சொல்வது சுலபம். என் பார்வையில் பெரிய பிழை, தோற்றால் மட்டும் சொல்லும் ஏற்பாடுதான்.

“வெற்றி பெற்றாலும் அஞ்சல் அனுப்பு” என்று மாற்றினாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்போம். தினமும் வரும் அஞ்சலைச் சில வாரங்களில் யாரும் திறப்பதில்லை. ஒருநாள் வராமல் போனால் கண்ணில் படுவதும் இல்லை. இல்லாததைக் கவனிக்கும் வேலையை இன்னொரு கணினியிடம் விட வேண்டும். ஹெல்த்செக்ஸ் போன்ற சேவைகள் இதற்கென்றே உள்ளன. அவை ஒரு தனி மின்னஞ்சல் முகவரி தரும். பேக்கப் அறிக்கையை அங்கும் அனுப்பினால் போதும். குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் அந்தச் சேவை உங்களை எழுப்பும்.

நேரம் குறிப்பதில்தான் நிதானம் வேண்டும். பேக்கப் இரவு 2 மணிக்குத் தொடங்கி வழக்கமாக 2.40-க்கு முடிகிறது, மாதக் கடைசியில் மட்டும் 3.30 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கெடுவை 3 மணிக்கு வைத்தால் மாதந்தோறும் பொய் எச்சரிக்கை வரும். பிறகு மெய்யானதையும் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். 4 மணி சரியாக இருக்கும்.

“தோல்வி” என்று தலைப்பிட்ட அஞ்சலும் வந்து சேர்ந்த அஞ்சல்தானே! எனவே தலைப்பில் வெற்றிச் சொல் இருந்தால் மட்டும் கணக்கில் எடுக்கும்படி வடிகட்ட வேண்டும். எச்சரிக்கையும் மின்னஞ்சலில் வரக்கூடாது. குறுஞ்செய்தியாகவோ தொலைபேசி அழைப்பாகவோ வரட்டும். காவல் கணினியை அதே அலுவலகத்தில் வைத்தால், மின்சாரம் போகும்போது இரண்டும் சேர்ந்து அணைந்துவிடும்.

இந்த ஏற்பாடு, பேக்கப் வேலை முடிந்ததாக அறிவித்தது என்பதை மட்டுமே சொல்லும். கோப்பு உருப்படியாக இருக்கிறதா என்பதை அவ்வப்போது மீட்டெடுத்துத்தான் பார்க்க வேண்டும். முதலில், ஓரிரவு அறிக்கை போகாமல் வேண்டுமென்றே தடுத்துவைத்து, உங்கள் தொலைபேசி ஒலிக்கிறதா என்று பாருங்கள்.